கேமராவைப் போடச் சொன்னார்கள்

புனேக்கு வடக்கே சாகண் என்கிற ஊரைத் தாண்டி, தொழிற்சாலைச் சுற்றுச்சுவர்கள் எல்லாம் முடிந்து, சாலை மலைப்பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு வராண்டா. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. அங்கே நான் நர்ஸ். என்னோடு சுத்தம் செய்யவும் நோயாளிகளைக் கவனிக்கவும் அந்த ஊர்ப் பெண் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை மாவ்ஷி என்று கூப்பிடும். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். டாக்டர் கிடையாது. டாக்டர் புனே நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் வீடியோவில் அவரைக் கூப்பிட்டு நோயாளியைக் காட்ட வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது புனேயின் கட்கியில். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டுக்குள்ளே வேலூர்த் தமிழ், வாசல் தாண்டினால் இந்தி, நர்சிங் படித்த இடத்தில் மராத்தி. கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்தில் இருக்கிற போபோடிக்கு வந்தோம். அங்கிருந்து காலையில் பஸ் பிடித்து சாகண் போய், ஷேர் ஜீப் ஏறி கிளினிக்குக்குப் போவேன். தூரம்தான். ஆனால் வேலை பிடித்திருந்தது. இன்னும் பிடித்திருக்கிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

அந்த வீடியோ ஏற்பாட்டை ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்தது. திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டார்கள், தேங்காயும் சால்வையும் கொடுத்தார்கள். சுவரில் பெரிய டிவி, அதன் தலையில் கேமரா, மூலையில் ஒரு ரவுட்டர், பதிவுகளுக்கு ஒரு டேப்லட். விழா அன்றைக்கு இணைப்புக்காக நகரத்திலிருந்து ஒரு வண்டியே வந்து நின்றது. படம் பளபளவென்று தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சாயங்காலம் வண்டி போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு டவரிலிருந்து வருகிற நூல் போன்ற சிக்னல்.

மறுநாளிலிருந்தே படம் நிற்க ஆரம்பித்தது. டாக்டரின் வாய் திறந்தபடி நிற்கும். குரல் தனியாக, உடைந்து உடைந்து, எங்கிருந்தோ வரும். சில சமயம் அதுவும் வராது.

நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், ஹிஞ்சவடியில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை. ஒரு சனிக்கிழமை என்னோடு கிளினிக்குக்கு வந்தார். போனை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து வேகத்தை அளந்தார்.

"டவுன்லோடு பரவாயில்ல. அப்லோடுதான் செத்துக் கிடக்கு" என்றார். "நீ நோயாளியைக் காட்டணும்னா இங்கேருந்து படம் வெளியே போகணும். போறதுக்குத்தான் வழியில்ல. இதுல இவ்வளவு பெரிய படத்தை அனுப்பச் சொல்லி செட் பண்ணியிருக்காங்க. ஒரு சந்துக்குள்ள லாரியை விட்டா, பின்னாடி வர்ற சைக்கிளும் மாட்டிக்கும்ல? அந்த சைக்கிள்தான் உன் குரல். குரலுக்கு ரொம்பக் கொஞ்சம் இடம் போதும். ஆனா லாரி விடாது."

"அப்ப படத்தைச் சின்னதாக்கிடுங்க."

அவர் வீடியோ அழைப்புக்கான ஆப்பைத் திறந்து பார்த்தார். படத்தின் தரம் என்ற இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தொட்டால் திறக்கவில்லை. உயர்தரம் என்று பூட்டி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொன்று: கேமரா அணைந்தால் அழைப்பு தானாகத் துண்டிக்கப்படும்.

எங்களால் முடிந்ததைச் செய்தோம். ரவுட்டரை மூலையிலிருந்து எடுத்து, டவர் இருக்கிற திசையில் உள்ள ஜன்னல் மேல் வைத்தார். வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒயர் இழுத்தார். டேப்லட்டில் தானாக நடக்கிற அப்டேட்டையும் போட்டோ பேக்கப்பையும் நிறுத்தினார். கொஞ்சம் தேறியது. போதவில்லை.

அறக்கட்டளையின் திட்ட மேலாளருக்கு போன் செய்து, தரத்தைக் குறைக்கவும், தேவைப்பட்டால் குரல் மட்டும் வைத்துப் பேசவும் அனுமதி கேட்டேன்.

"சிஸ்டர், இது வீடியோ புராஜெக்ட்" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "ஆடியோன்னா அதுக்கு போனே போதுமே. கேமரா போட்டாத்தான் கணக்குல ஏறும்."

போனே போதுமே. ஆமாம், பல நேரம் போதும்தான். அதைத்தான் நானும் சொன்னேன். நம் நாட்டு விதிப்படியும் டாக்டர் குரல் வழியாக ஆலோசனை சொல்லலாம். எது போதும், எது போதாது என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர், மேலாளர் இல்லை. அவர் "பார்க்கலாம், சிஸ்டர்" என்று வைத்துவிட்டார். அடுத்தடுத்த மாதங்களிலும் கேட்டேன், அதே பதில்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தாள்.

மழைக்காலம். வெளியே சேறு. மாமியார் கையில் பிள்ளை, இவள் தலையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பிரசவம் ஆகி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். புருஷன் சாகணில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை, ஷிஃப்டுக்குப் போயிருந்தான்.

"தாயி, தலை பொளக்குது" என்றாள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. "கண்ணு முன்னாடி மின்மினி மாதிரி பறக்குது."

மாமியார் சொன்னார், "ராத்திரி தூங்கவே இல்ல, பிள்ளை விடல. அதுதான்."

கால் வீங்கியிருந்தது. முகமும் லேசாக உப்பியிருந்தது. ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்றி எழுபதுக்கு நூற்றிப் பத்து. கை மாற்றிப் பார்த்தேன். அதேதான்.

பிரசவத்துக்குப் பிறகும் இந்த அழுத்தம் வரும். வந்தால் வலிப்பு வரலாம், உயிர் போகலாம். இதைத் தெரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம், எந்த நர்சுக்கும் தெரியும். மாவ்ஷியிடம் உடனே 108-க்கு போன் போடச் சொன்னேன். அறக்கட்டளையின் விதி, டாக்டர் வீடியோவில் பார்த்துச் சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும் என்பது. அதை அன்றைக்கு நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பியது, ஆனால் வேறு ஒரு கிராமத்திலிருந்து வர வேண்டும், மழை, நேரமாகும் என்றார்கள். அதுவரை அவளுக்கு மருந்து வேண்டும். மருந்து அலமாரியில் இருந்தது. கொடுக்க டாக்டரின் உத்தரவு வேண்டும்.

அவளைக் கேமரா முன்னால் உட்கார வைத்து அழைத்தேன். டாக்டர் மேடம் திரையில் வந்தார். நல்ல மனுஷி, பொறுமையாகக் கேட்பவர். ஒரு கணம் படம் தெளிவாக இருந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்தாள். அத்தோடு எல்லாம் நின்றது.

"மேடம், பிரசவம் ஆன பெண், தலைவலி, கண் மங்குது, பிபி ஒன் செவன்ட்டி பை ஒன் டென்" என்று கத்தினேன்.

"...கேட்கல... பிபி?"

"ஒன் செவன்ட்டி பை ஒன் டென்!"

"ஒன் டென்னா? ...சரி... பார்க்க நல்லாத்தான்... தூக்கம் இல்லாம... பாராசிட்டமால்..."

அவருக்கு நூற்றி எழுபது போய்ச் சேரவில்லை. நூற்றிப் பத்து மட்டும் போயிருக்கிறது. அவர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது, உட்கார்ந்த அந்த முதல் கணத்து முகம். இங்கே என் பக்கத்தில் அவள் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம், இல்ல! மேலே ஒன் செவன்ட்டி!"

எழுத்தில் அனுப்பினேன். போகிறது, போகிறது என்று சுற்றிக்கொண்டே இருந்தது. படம் இல்லாவிட்டால் குரலாவது போகும் என்று கேமராவை அணைத்தேன். அழைப்பு துண்டித்தது. மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை டாக்டர் வரவில்லை. ஆஸ்பத்திரி பக்கம் அழைப்புகளைக் கவனிக்கிற உதவியாளர் வந்தார்.

"சிஸ்டர், கேமரா போடுங்க. கேமரா இல்லாம செஷன் கேன்சல் ஆயிடும்."

"எமர்ஜென்சி. டாக்டரை போன்ல குடுங்க."

"போன்ல குடுக்க எனக்கு பர்மிஷன் இல்ல. கேமரா போடுங்க, சிஸ்டர்."

அந்தப் பையன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான்.

டிவியை அப்படியே விட்டுவிட்டு என் சொந்த போனை எடுத்தேன். ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்கு அடித்தேன். ரிசப்ஷனில் எடுத்தார்கள், வார்டுக்கு மாற்றினார்கள், வார்டில் யாரோ எடுத்து "இருங்க" என்றார்கள். மாவ்ஷி அதற்குள் அவளைக் கட்டிலில் இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார். கடைசியில் டாக்டரின் குரல் வந்தது. சாதாரண போன். பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவு.

"மேடம், மேல் அழுத்தம் ஒன்று, ஏழு, பூஜ்யம். கீழ் ஒன்று, ஒன்று, பூஜ்யம்."

"ஏழா? நான் நூற்றிப் பத்துன்னு கேட்டேன்."

"ஏழு."

"மேக்னீசியம் சல்ஃபேட் இருக்கா? உடனே எடுங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க, வைக்காதீங்க."

அளவை அவர் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். மருந்துப் பெயரைப் படித்துக் காட்டினேன். மாவ்ஷி போனை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் மூச்சையும் முழங்கால் அனிச்சையையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டு பிட்டத்திலும் ஆழமாக ஊசி போட்டேன். இரண்டாவது ஊசியை வெளியே எடுக்கும்போதே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. கை கால் விறைத்து, கட்டில் ஆடியது. மாமியார் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வராண்டாவுக்கு ஓடினார். அவர் போட்ட அலறல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"வலிப்பு, மேடம்."

"இடது பக்கமே வைங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. ஆக்சிஜன் வைங்க. நான் இங்கேதான் இருக்கேன்."

நான் இங்கேதான் இருக்கேன். முகம் தெரியாத அந்தக் குரல்தான் அன்றைக்கு என்னை நிற்க வைத்தது. வலிப்பு அடங்கியது. மூச்சு வந்தது. ஆம்புலன்ஸ் வந்ததும் அதிலிருந்த டாக்டரிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். தாலுகா ஆஸ்பத்திரி வேண்டாம், நேராக புனேக்கே என்று முடிவாயிற்று. பிள்ளையும் கூடவே போயிற்று.

அவள் பிழைத்தாள். சில நாள் தீவிர சிகிச்சையில் இருந்து, வீட்டுக்கு வந்தாள். அந்தச் செய்தியை டாக்டரே போனில் சொன்னார். நான் வராண்டா படியில் உட்கார்ந்து அழுதேன். மாவ்ஷி டீ போட்டுக் கொடுத்தார்.

அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அறக்கட்டளையிலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு செய்தி வந்துவிட்டது. கேமராவை வேண்டுமென்றே அணைத்தேன், அனுமதியில்லாமல் சொந்த போனைப் பயன்படுத்தினேன், ஆலோசனை முழுமையடையவில்லை. மூன்று வாக்கியம். அதில் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை.

கூட்டம் புனேயில் அறக்கட்டளையின் அலுவலகத்தில் நடந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, பிஸ்கட் தட்டு. டாக்டர் மேடமும் வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார். மேலாளர் சுவரில் ஒரு படத்தைப் போட்டார். அழைப்பு தொடங்கும்போது ஆப் தானாக எடுத்துக்கொள்கிற படம் அது. அந்தப் பெண்ணின் முகம். நிமிர்ந்த கழுத்து, திறந்த கண், நெற்றியில் குங்குமம், ஒவ்வொரு முடியும் தெரிகிற தெளிவு.

"பாருங்க, வீடியோ குவாலிட்டி எவ்வளவு நல்லா இருக்கு" என்றார். "கனெக்‌ஷன்ல பிரச்சனைன்னு சிஸ்டர் சொல்றாங்க. இதுல எங்கே பிரச்சனை?"

அவ்வளவு கோபத்தில் எந்த மொழியில் பேசுவது என்றே தெரியவில்லை. இந்தியில் ஆரம்பித்து மராத்தியில் போய், நடுவில் தமிழில் ஏதோ சொன்னேன் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

"இது நின்னுபோன படம்" என்றேன். "நின்னுபோனதாலதான் இவ்வளவு தெளிவா இருக்கு. இதைப் பார்த்துதான் மேடம் அவ நல்லா இருக்கான்னு நினைச்சாங்க. இதை எடுத்து கொஞ்ச நேரத்துல அவளுக்கு வலிப்பு வந்துச்சு. அப்ப உங்க கேமரா எதைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு தெரியுமா? இதையேதான்!"

"நான் அவளுக்குப் பாராசிட்டமால் சொன்னேன்" என்றார் டாக்டர். அமைதியாகத்தான் சொன்னார். "நூற்றிப் பத்துன்னு கேட்டு, இந்த முகத்தைப் பார்த்து, பாராசிட்டமால் சொன்னேன். சிஸ்டர் போன் பண்ணலேன்னா என் பேர்ல அந்த ஆலோசனை முழுமையானதுன்னு உங்க கணக்குல ஏறியிருக்கும். இந்த செட்டிங்கை மாத்துற வரைக்கும் நான் அந்தத் திரை முன்னாடி உட்கார மாட்டேன்."

மேலாளர் நன்கொடைக் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். "இதைச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

இரண்டு நாள் கழித்து ஆப் செய்த கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். பேசிக்கொண்டே தன் பக்கத்தில் எதையோ திறந்தார். "இப்ப பாருங்க, மேடம்." சாம்பல் நிறம் போய், படத்தின் தரம் என்ற இடம் திறந்துகொண்டது. கேமரா அணைந்தால் துண்டிக்கும் விதியும் போயிற்று. நான் டீ குடித்து முடிக்கவில்லை, அதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவரிடம் கேட்டேன். "ஆமா, ரெண்டு டிக்குதான். யாராவது கேட்டிருந்தா முதல் நாளே எடுத்திருப்பேன்" என்றார். நான் கேட்டேன். மாதக்கணக்கில் கேட்டேன். அவர் காதுக்கு அது வந்தே சேரவில்லை.

இப்போது நாங்கள் வைத்திருக்கிற முறை, டாக்டரும் நானும் உட்கார்ந்து பேசி உண்டாக்கியது. படத்தை மிகக் குறைந்த தரத்தில்தான் தொடங்குவேன். டாக்டரின் படம் எனக்கு வேண்டாம், அவர் குரல் போதும். அதனால் அவர் கேமரா அணைந்திருக்கும். அழைப்பதற்கு முன்பே அழுத்தம், நாடி, சர்க்கரை எல்லாம் எழுத்தில் அனுப்பிவிடுவேன். புண்ணையோ வீக்கத்தையோ காட்ட வேண்டுமானால், வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அளவைக் குறைத்து அனுப்புவேன். ஆடுகிற வீடியோவை விட அசையாத நல்ல போட்டோ எவ்வளவோ மேல், அது போட்டோதான் என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார், பிறகுதான் அடுத்தது.

இரண்டு தடவை அறுந்தால் மூன்றாவது தடவை முயல மாட்டோம். டாக்டர் கிளினிக் போனுக்கு அழைப்பார். அவர் மட்டும்தான் அழைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடித்தால் இரண்டு பேருக்கும் பிஸிதான் வரும் என்பதை அனுபவத்தில் கற்றோம். அந்த போனில் இருப்பது ரவுட்டரில் இருக்கிற கம்பெனியின் சிம் இல்லை, வேறு கம்பெனி. ஒன்று படுத்தால் இன்னொன்று வேலை செய்யும். அதுவும் போய்விட்டால் குறுஞ்செய்தி. எதுவுமே இல்லாவிட்டால், எந்த அறிகுறிக்கு முதல் மருந்து எது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது சுவரில் இருக்கிறது. ஆபத்து அறிகுறி இருந்தால் முதல் வேலை ஆம்புலன்ஸ், பேச்சு அதற்குப் பிறகு.

மழை விட்ட பிறகு ஒரு நாள், மூச்சுத் திணறலோடு ஒரு விவசாயி வந்தார். ஈசிஜி எடுத்து, போட்டோவை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். வீடியோ வந்து அறுந்தது, வந்து அறுந்தது. நான் மூன்றாவது தடவை முயலாமல் கையை எடுத்தேன். போன் அடித்தது. "ஈசிஜி பார்த்துட்டேன், ஆஸ்பிரின் குடுத்து அனுப்புங்க" என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. எந்தப் பதற்றமும் இல்லை. மாவ்ஷி அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்தே இப்படி இருந்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன். வேலை சுலபமாக நடந்ததைப் பார்க்கப் பார்க்கத்தான் கோபம் ஏறியது.

போன வாரம் இதே அறக்கட்டளையின் இன்னொரு கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். மலைக்கு அந்தப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"தாயி, உங்க ஆப்ல படத்தோட தரத்தைக் குறைக்க முடியுமாமே? எனக்குப் பூட்டியிருக்கு."

"இன்னுமா?"

"உங்க கிளினிக்குக்கு மட்டும்தான் திறந்தாங்களாம். மத்த இடத்துக்குத் தனியா விண்ணப்பிக்கணுமாம். மேலாளர் பார்க்கலாம்னு சொன்னார்."

நான் ஜீப்புக்காகச் சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவளை இருக்கச் சொல்லிவிட்டு, சத்தம் குறைவான பக்கம் நகர்ந்தேன்.

"எழுதிக்கோ" என்றேன். டாக்டர் மேடமின் எண்ணைச் சொன்னேன், ஒவ்வொன்றாக. அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். "அவங்ககிட்ட நான் சொன்னேன்னு பேசு, மறுக்க மாட்டாங்க. விண்ணப்பம் நாளைக்கு நானும் உன்கூட வந்து குடுக்கறேன். அதுவரைக்கும் யாராவது மோசமா வந்தா, முதல்ல ஆம்புலன்ஸ், அப்புறம் இந்த நம்பர். கேமராவைப் போடச் சொல்லி எவன் கத்தினாலும் கத்தட்டும்."